சால்வர் கைவிட்டது என்றால் லெவலுக்குத் தீர்வு இல்லை என்று பொருளல்ல

ஆள் பெட்டிகளை இழுக்காமல் தள்ளி மட்டுமே இலக்குக் கட்டங்களில் சேர்க்க வேண்டிய சோகோபான் வகைப் புதிர் லெவல்களைச் சரிபார்த்துத் தருவது என் வேலை. அவற்றுக்குத் தீர்வு தேடும் நிரலைத்தான் சால்வர் என்கிறோம். சென்ற வாரம் வந்த தொகுப்பில் ஒரு லெவலின் பக்கத்தில் ‘சோதிக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தது. அதற்குத் தீர்வே கிடையாது. அதே தொகுப்பில் அழகான இன்னொரு லெவல், ‘சால்வருக்கு விடை கிடைக்கவில்லை’ என்ற குறிப்போடு குப்பைக்குப் போயிருந்தது. அதற்கோ தீர்வு இருக்கிறது. இந்த இரண்டு தவறுகளும் ஒன்றாக வருவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

முதல் லெவலின் சிக்கலான பகுதி மட்டும் இதோ. `#` சுவர், `@` ஆள், `$` பெட்டி, `.` இலக்கு:

```
     ###
###### #
#@ $   #
###### #
     #.#
     ###
```

பெட்டியை வலப்பக்கம் தள்ளிக்கொண்டு போய், திருப்பத்தில் கீழே தள்ள வேண்டும். கீழே தள்ள வேண்டுமானால் ஆள் பெட்டிக்கு மேலே நிற்க வேண்டும். அதற்காகத்தான் வடிவமைப்பாளர் திருப்பத்துக்கு மேல் ஒரு கட்டத்தைத் திறந்து வைத்திருக்கிறார். கண்ணுக்குச் சரியாகவே தெரிகிறது. ஆனால் அந்தக் கட்டத்துக்குள் போக ஒரே வழி திருப்பக் கட்டம்தான். அங்கே பெட்டி உட்கார்ந்திருக்கும். பிறகு ஆள் எப்படி மேலே போவார்?

பெட்டி போய்விட்டால் இலக்கை எட்டவே முடியாத முட்டுக்கட்டைக் கட்டங்களை மட்டும் கணக்கிடும் எளிய கருவி இதைப் பிடிக்காது. அது இலக்கிலிருந்து பெட்டியைப் பின்னோக்கி இழுத்துப் பார்க்கும்போது, ஆள் எங்கே நிற்கிறார் என்பதைக் கணக்கில் கொள்வதில்லை. அதனால் ‘இந்தப் பெட்டி இலக்கை எட்டும்’ என்று சொல்லிவிடும். முழுத் தேடல் நடத்தும் சால்வரோ கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். பெட்டி நிற்கக்கூடிய நிலைகள் மொத்தம் நான்கே. நான்கையும் பார்த்த பிறகு நகர்த்த எதுவும் இல்லை. இதுதான் ‘தீர்வு இல்லை’ என்பதற்கான நிரூபணம்.

பக்கத்தில் இன்னொரு கட்டத்தையும் திறந்தால் போதும்:

```
    ####
#####  #
#@ $   #
###### #
     #.#
     ###
```

இதன் தீர்வு `rRRRurDD`. r வலப்பக்கம், u மேலே, d கீழே. பெரிய எழுத்து தள்ளலைக் குறிக்கும், சிறிய எழுத்து வெறும் நடையைக் குறிக்கும். எட்டு நகர்வுகள், அவற்றில் ஐந்து தள்ளல்கள்.

இனி என்னை அதிகம் எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். சால்வரிடமிருந்து வரக்கூடிய பதில்கள் இரண்டல்ல, மூன்று. தீர்வு கிடைத்தது என்பது ஒன்று. எல்லா நிலைகளையும் பார்த்தாயிற்று, தீர்வு இல்லை என்பது இரண்டு. நேரமோ நினைவகமோ தீர்ந்துவிட்டது, தெரியவில்லை என்பது மூன்று. பலர் மூன்றாவதை இரண்டாவதாக வாசிக்கிறார்கள். அரை மணி நேரம் ஓடிக் கைவிட்டது என்றால், அந்த அரை மணி நேரத்தில் கிடைக்கவில்லை என்பது மட்டுமே தெரிந்தது. 40 கட்டங்களில் 10 பெட்டிகளை வைக்கும் வழிகளே 84 கோடிக்கு மேல் உண்டு. ஆள் எந்தப் பகுதியில் அடைபட்டிருக்கிறார் என்பதையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். நியாயமான நேரத்துக்குள் எல்லா லெவலுக்கும் விடை சொல்லிவிடும் சால்வர் வரும் என்று காத்திருக்க வேண்டாம். சோகோபான், வேகமான பொது வழி எதுவும் யாருக்கும் தெரியாத பிஸ்பேஸ்-முழுமை வகையைச் சேர்ந்த கணக்கு என்பதை 1997இலேயே ஜோசப் கல்பர்சன் காட்டிவிட்டார்.

ஆகவே உங்கள் சால்வர் நின்றதும் முதலில் காரணத்தைப் பாருங்கள். தேடல் வரிசை காலியானதா, வரம்பு எட்டியதா? இரண்டுக்கும் ஒரே செய்தியை அச்சிடும் சால்வரை எழுதியிருந்தால் இன்றே திருத்துங்கள். ‘தெரியவில்லை’ என்று வந்தால் லெவலைத் தூக்கி எறியாதீர்கள். வேறொரு சால்வரில் ஓட்டுங்கள், இல்லையேல் கையால் தீர்த்து அந்த நகர்வுகளைக் கொடுங்கள்.

‘தீர்வு இல்லை’ என்ற பதிலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. வேகத்துக்காகப் பயனற்ற வழிகளை வெட்டும் விதிகளில் ஒன்று தவறாக இருந்தால் போதும், தேடல் நல்ல வழியையும் சேர்த்து வெட்டிவிடும். மூலையில் நிற்கும் பெட்டி செத்தது என்று எழுதிவிட்டு, அந்த மூலையே இலக்காக இருக்கலாம் என்பதை மறப்பவர்கள் ஏராளம். சந்தேகம் வந்தால் சிறிய லெவல்களை எடுத்து, வெட்டும் விதிகளை நிறுத்திவிட்டு ஒரு முறை, அவற்றோடு ஒரு முறை ஓட்டி ஒப்பிடுங்கள்.

தீர்வு கிடைத்தால் அந்த நகர்வு வரியை லெவல் கோப்பிலேயே சேர்த்துவையுங்கள். பிறகு அதை உங்கள் விளையாட்டின் சொந்த எஞ்சினில் இயக்கிப் பார்க்க வேண்டும், சால்வரில் அல்ல. சால்வர் ஒரு விதிப்படியும் விளையாட்டு வேறு விதிப்படியும் நடந்தால் அங்கேதான் தெரியவரும். கடைசியாக ஒரு வேண்டுகோள்: அழகுக்காக ஒரே ஒரு சுவரை நகர்த்தினாலும், ‘முன்பே தீர்த்துப் பார்த்ததுதானே’ என்று விட்டுவிடாதீர்கள். பழைய வரியை முதலில் ஓட்டுங்கள். அது தடைபட்டால் சால்வரை மறுபடி ஓட்டுங்கள். புதிய வரி கிடைக்கும்வரை அந்த லெவலைத் தொகுப்பில் சேர்க்காதீர்கள்.