சம்பளத்தில் கை வைக்கும் முன் சலூன் கணக்கில் பார்க்க வேண்டியது

பெங்களூரில் சலூனும் பியூட்டி பார்லரும் நடத்தும் நம் ஆட்கள் சிலருக்கு நான் மாதக் கணக்கு பார்த்துத் தருகிறேன். லாப நஷ்டக் கணக்கு கைக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் பெரிய தொகைக்குத்தான் போகிறது. சலூனில் பெரிய தொகை சம்பளம், அடுத்தது வாடகை. வாடகையைக் குறைக்க வீட்டு ஓனர் சம்மதிக்க மாட்டார். அதனால் லாபம் சரிந்த மாதத்தில் முதலில் வரும் யோசனை, ஒரு ஆளை நிறுத்திவிடலாமா என்பது. இது ஆபத்தான யோசனை. கை பழகிய ஒருவர் போனால் அவரைத் தேடி வரும் கஸ்டமர்களும் அவரோடு போய்விடுவார்கள். கணக்கைத் தவறாகப் படித்துவிட்டு அப்படி ஒருவரை அனுப்பக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அல்சூர் பக்கத்தில் உள்ள ஒரு சலூனின் 2025 அக்டோபர், நவம்பர் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். நடத்துபவர் கிருஷ்ணகிரிப் பக்கத்து அக்கா. அடையாளம் தெரியாமல் இருக்க எண்களைக் கொஞ்சம் மாற்றி, முழுத் தொகையாக்கியிருக்கிறேன்.

அவர் கொண்டுவந்த தாளின்படி அக்டோபர் வருமானம் 6,60,000 ரூபாய், லாபம் 1,47,800. நவம்பர் வருமானம் 4,95,000, நஷ்டம் 26,200. சம்பளம் 2,45,000-லிருந்து 2,35,000 ஆகியிருந்தது. வாடகை இரண்டு மாதமும் 1,06,200. சலூன் சாமான், அதாவது கலர், டெவலப்பர், ஷாம்பு, ஃபேஷியல் கிட், வேக்ஸ் எல்லாம் சேர்ந்த செலவு, 66,000-லிருந்து 95,000-க்கு ஏறியிருந்தது. கரண்ட், தண்ணீர், லாண்டரி, கார்டு கமிஷன், விளம்பரம் ஆகியவை கொஞ்சம் குறைந்திருந்தன.

“சார், வருமானத்தில பாதி சம்பளத்துக்கே போகுது. ஒரு பையனை நிறுத்திடட்டுமா?” என்று கேட்டார். அவர் சொன்னதிலும் காரணம் இருந்தது. ஒவ்வொரு செலவையும் வருமானத்தில் எத்தனை விழுக்காடு என்று போட்டுப் பார்த்தால், சம்பளம் 37-லிருந்து 47-க்கு மேல் போயிருந்தது. வாடகை 16-லிருந்து 21. சாமான் 10-லிருந்து 19.

விழுக்காடு போட்டுப் பார்ப்பது சரியான வழிதான். ஆனால் வாடகையைப் பாருங்கள், ஒரு ரூபாய் கூட ஏறவில்லை, விழுக்காடு மட்டும் ஏறியிருக்கிறது. எல்லாச் செலவின் விழுக்காடும் ஒரே நேரத்தில் ஏறினால் எந்தச் செலவையும் சந்தேகப்படாதீர்கள். வகுக்கும் எண்ணைச் சந்தேகப்படுங்கள். அதாவது தாளின் முதல் வரி, வருமானம்.

அந்த அக்டோபரில் தீபாவளி வந்தது. சலூனில் ஒரு பேக்கேஜ் போட்டிருந்தார்கள், முன்பணம் கட்டினால் ஆறு மாதத்துக்குள் வந்து சேவைகளை எடுத்துக்கொள்ளலாம். 1,20,000 ரூபாய்க்கு விற்பனை. மொத்தத்தையும் அக்டோபர் வருமானத்தில் எழுதிவிட்டார்கள். பணம் வந்தது உண்மை, ஆனால் வேலை இன்னும் செய்யவில்லை. செய்யாத வேலைக்கான பணம் கஸ்டமருக்கு நாம் பட்ட கடன். அவர் நாற்காலியில் வந்து உட்காரும் நாளில்தான் அது வருமானமாகும். ஜி.எஸ்.டி. விஷயம் வேறு, சேவைக்கு முன்பணம் வாங்கிய மாதமே அதற்கு வரி கட்ட வேண்டும். வரி கட்டிவிட்டோம், அதனால் வருமானம் என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான்.

பில்லிங் மென்பொருளில் பேக்கேஜ் ரிடெம்ப்ஷன் ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தோம். அக்டோபரிலேயே 20,000-க்கு வந்து எடுத்திருக்கிறார்கள், நவம்பரில் 60,000-க்கு. இன்னும் 40,000 பாக்கி. இதை வைத்துத் திருத்தினால் அக்டோபரின் உண்மையான வருமானம் 5,60,000, நவம்பர் 5,55,000. இரண்டு மாதமும் கிட்டத்தட்ட ஒரே அளவு வேலைதான் நடந்திருக்கிறது. நவம்பரில் பையன்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, பில் போடாத வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள், ஏனென்றால் அதற்கான பில் அக்டோபரிலேயே போட்டாகிவிட்டது. சம்பளத்தின் பங்கு 43.8-லிருந்து 42.3-க்கு இறங்கியிருந்தது. நிறுத்த நினைத்த ஆளுக்கு வேலை இருந்தது.

சரி, இப்போது சாமான் செலவு. இந்தத் தாளில் இருந்தது அந்த மாதம் வாங்கிய பில்களின் கூட்டுத்தொகை. வாங்கியது வேறு, தீர்ந்தது வேறு. மாத ஆரம்பத்தில் அலமாரியில் இருந்த ஸ்டாக்கோடு வாங்கியதைக் கூட்டி, மாதக் கடைசியில் மிச்சமிருப்பதைக் கழித்தால்தான் அந்த மாதம் உண்மையில் செலவானது தெரியும். நல்லவேளையாக, கடையின் மேனேஜர் பெண் மாதக் கடைசியில் ஸ்டாக்கை எண்ணி நோட்டில் எழுதி வைத்திருந்தார். கணக்கு எழுதுபவர் அந்த நோட்டைக் கேட்டதே இல்லை. அக்டோபர் ஆரம்பத்தில் 58,000, முடிவில் 65,000, நவம்பர் முடிவில் 85,000. நவம்பரில் டீலர் ஆஃபர் என்று மொத்தமாக வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஆக அக்டோபரில் தீர்ந்தது 59,000, நவம்பரில் 75,000. திருத்திய வருமானத்தில் இது 10.5 மற்றும் 13.5 விழுக்காடு.

19 என்று பயமுறுத்திய எண் 13.5 ஆகிவிட்டது. ஆனால் 10.5-க்கு இறங்கவில்லை. ஒரே அளவு வேலைக்கு 16,000 ரூபாய் சாமான் கூடுதலாகப் போயிருக்கிறது. கவனிக்க வேண்டிய செலவு இதுதான். திருத்திய லாபம் அக்டோபரில் 54,800, நவம்பரில் 53,800. அந்த 16,000 போகாமல் இருந்திருந்தால் நவம்பர் லாபம் 70,000-ஐ நெருங்கியிருக்கும்.

இந்த இடத்தில் ஜி.எஸ்.டி. வரியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதற்கு முந்தைய வருடத்துக் கணக்கோடு ஒப்பிட்டால் சாமான், வாடகை இரண்டுமே ஏறித்தான் தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கு ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. கூடவே அந்தச் சேவைக்கு இன்புட் கிரெடிட்டும் போய்விட்டது. முன்பு நாம் வாங்கும் பொருளுக்கும் கொடுக்கும் வாடகைக்கும் கட்டிய வரியை, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டோம். இப்போது அது நம் செலவு. இந்தச் சலூனின் வாடகை 90,000. ஓனர் ஜி.எஸ்.டி. பதிவு செய்யாதவர், அதனால் 2024 அக்டோபர் 10 முதல் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் 18 விழுக்காடு, அதாவது 16,200, சலூன்காரரே கட்ட வேண்டும். திரும்பக் கிடைக்காத அந்தத் தொகையையும் சேர்த்துத்தான் 1,06,200. உங்கள் கணக்காளர் இன்னும் வாடகையை வரியில்லாமல் எழுதி, வரியைக் ‘கிரெடிட் வர வேண்டியது’ என்று தனியாக வைத்திருந்தால், தாளில் தெரியும் லாபம் அந்த அளவுக்குப் பொய். ஒரு நிமிடம் கேட்டுவிடுங்கள். அக்டோபர், நவம்பர் இரண்டுமே இந்த மாற்றத்துக்குப் பிந்தைய மாதங்கள் என்பதால், நாம் தேடும் 16,000-க்கு வரி காரணம் அல்ல.

அப்புறம் சாமான் செலவைப் பிரித்துப் பார்த்தோம். ஷாம்பு, ஃபேஷியல், வேக்ஸ், டிஸ்போஸபிள் எல்லாம் கிட்டத்தட்ட முந்தைய மாத அளவே. ஏறியது கலர். அக்டோபரில் 90 கலர் வேலைக்கு 100 டியூப் போயிருந்தது, நவம்பரில் 92 வேலைக்கு 134. ஒரு டியூப் வரியோடு சுமார் 400 ரூபாய். 34 டியூப் என்றால் 13,600, மிச்சம் அதனோடு கலந்த டெவலப்பர்.

டியூப் கூடுதலாகப் போவதற்கு மூன்று காரணம் இருக்க முடியும். வேலை நடந்தும் பில் போடாமல் விட்டிருக்கலாம், டியூப் வெளியே போயிருக்கலாம், அல்லது கிண்ணத்தில் வீணாகியிருக்கலாம். யாரையும் குற்றம் சொல்லாமலே இதைப் பிரித்துப் பார்க்க முடியும். முதலில் அப்பாயின்ட்மென்ட் புத்தகத்தையும் பில்லையும் நாள்வாரியாக ஒத்துப் பார்த்தோம், பெரிய வித்தியாசம் இல்லை. அடுத்து ஒரு வாரத்துக்கு, காலி டியூபைக் கொடுத்தால்தான் புது டியூப் என்று வைத்தோம். வெளியே போயிருந்தால் காலி டியூப் குறையும். குறையவில்லை, கொடுத்த அத்தனையும் திரும்பி வந்தது. ஆனால் சிலவற்றில் கால்வாசி கலர் அப்படியே இருந்தது.

நவம்பர் முதல் தேதி புதிதாகச் சேர்ந்த கலரிஸ்ட், வேர்ப்பகுதி டச்சப்புக்கும் இரண்டு டியூப் திறந்து கலந்துகொண்டிருந்தார். இவர்கள் வாங்கும் டியூப் 60 கிராம். நரை மறைக்கும் சாதாரண டச்சப்புக்கு 30, 40 கிராம் போதும், அடர்த்தியான முடி என்றால் கொஞ்சம் கூடும். டெவலப்பரோடு கலந்துவிட்டால் அதை எடுத்து வைத்து அடுத்தவருக்குப் போட முடியாது, கொஞ்ச நேரத்தில் வேலை செய்யாது. மிஞ்சியதெல்லாம் சிங்கில்தான் போகும். அந்தப் பையனிடம் தப்பான எண்ணம் எதுவும் இல்லை. முன்பு வேலை செய்த இடத்தில் கலர் பாதியில் தீர்ந்துபோய் திட்டு வாங்கியிருக்கிறார், அந்தப் பயம்.

சமையலறைத் தராசு போல ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிக் கலர் கலக்கும் மேஜையில் வைத்தார்கள். முதலில் குறைவாகக் கலந்து ஆரம்பிப்பது, போதாவிட்டால் இன்னும் 10 கிராம் கலப்பது, எடுத்த கிராமைக் கஸ்டமர் கார்டில் எழுதுவது, அவ்வளவுதான் ஏற்பாடு. அடுத்த முறை அதே கஸ்டமர் வரும்போது அளவு கையில் இருக்கும். டிசம்பரில் 95 கலர் வேலைக்கு 103 டியூப். ஆனால் எல்லாக் கடைக்கும் 10.5 விழுக்காடுதான் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹேர்கட் மட்டும் அதிகமுள்ள கடையில் சாமான் பங்கு இதைவிடக் குறையும், கெரட்டின், ஸ்மூத்தனிங் அதிகம் செய்யும் இடத்தில் தாராளமாக ஏறும். உங்கள் கடையின் முந்தைய சில மாதங்களோடுதான் ஒப்பிட வேண்டும், அதுவும் வேலையின் கலவை மாறாத மாதங்களோடு.

பேக்கேஜ் பணத்தை இப்போது தனி வங்கிக் கணக்கில் போட்டு, மாதக் கடைசியில் செய்து முடித்த வேலைக்கான தொகையை மட்டும் கடைக் கணக்குக்கு மாற்றுகிறார்கள்.

அந்த அக்காவிடம் கடைசியாகக் கேட்டது, இந்தச் சம்பளக் கணக்கில் உங்கள் சம்பளம் எங்கே என்று. தினமும் காலை பத்து மணிக்கு வந்து அவரே பிரைடல் மேக்கப்பும் ஃபேஷியலும் செய்கிறார், தாளில் அவருக்கு ஒரு ரூபாய் இல்லை. அந்த வேலைக்கு வெளியாளை வைத்தால் குறைந்தது 30,000 கொடுக்க வேண்டும். அதை எழுதினால் நவம்பர் லாபம் 23,800. அக்டோபரின் 1,47,800-ஐ நம்பி கே.ஆர். புரத்தில் இரண்டாவது கடைக்கு இடம் பார்த்து வைத்திருந்தார், பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டிருந்தார்கள். பேக்கேஜ் பாக்கி 40,000-மும் தீரும் வரை, 2026 மார்ச் கணக்கு வந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்தார்.