மூன்று வயதுக் குழந்தையின் கல்லூரிக் கட்டணம்

இன்று மூன்று வயதாகும் குழந்தை பொறியியல் கல்லூரியில் சேர இன்னும் 15 ஆண்டுகள் உள்ளன. பெற்றோர் நினைத்திருக்கும் கல்லூரியில் இன்றைய கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். கட்டணம் ஆண்டுக்கு 8 விழுக்காடு உயர்ந்தால் 15 ஆண்டுகளில் 120 விழுக்காடு உயரும், ஆகவே 4.4 லட்சம் போதும் என்று பலர் மனக்கணக்குப் போடுகிறார்கள். ஆனால் ஒவ்வோர் ஆண்டின் உயர்வும் முந்தைய ஆண்டு உயர்ந்த தொகையின் மேல்தான் ஏறுகிறது. இது கூட்டுவட்டிக் கணக்கு. 1.08 என்ற எண்ணை 15 முறை பெருக்கினால் ஏறத்தாழ 3.17 வரும் என்பதால், கட்டணம் 6.34 லட்சமாகிவிடும். விரிதாளில் இதைக் கணக்கிட ஒரு வரி போதும்:

```
=200000*1.08^15
```

அந்த 8 எங்கிருந்து வந்தது என்பதே இக்கணக்கின் கடினமான பகுதி. இந்திய ரிசர்வ் வங்கியின் 4 விழுக்காடு பணவீக்க இலக்கை இங்கே பயன்படுத்துவது பொருந்தாது. அது உணவு, எரிபொருள், உடை என எல்லாவற்றையும் சேர்த்த சில்லறை விலைக் குறியீட்டுக்கு உரியது, ஒரு கல்லூரியின் கட்டணம் அதன் வழியே செல்ல வேண்டியதில்லை. அதே கல்லூரியின் பழைய கட்டணத்தைத் தேடி எடுப்பதே மேல். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அது 1 லட்சமாக இருந்திருந்தால், இன்றைய கட்டணம் அதன் இரு மடங்கு. ஒன்பது முறை பெருக்கினால் 2 வரும் எண் ஏறத்தாழ 1.08, அதாவது ஆண்டுக்கு 8 விழுக்காடு.

கட்டணம் ஆண்டுதோறும் சீராக ஏறுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் அசையாமல் இருந்துவிட்டு ஒரே தாவலில் 26 விழுக்காடு ஏறினால், அதுவும் ஆண்டுக்கு 8 விழுக்காட்டுக்குச் சமம்தான். தாவல் நடந்த ஓர் ஆண்டை மட்டும் பார்ப்பவர் 26 என்றும், அதற்கு முந்தைய ஆண்டைப் பார்ப்பவர் சுழியம் என்றும் முடிவு செய்வார். எட்டுப் பத்து ஆண்டு இடைவெளியை எடுத்தால் இந்தக் குழப்பம் பெரிதும் அடங்கிவிடும்.

படிப்பு நான்கு ஆண்டு நீள்வதால் இன்னொரு பிழையும் நேர்கிறது. இன்றைய மொத்தச் செலவான 8 லட்சத்தை 3.17ஆல் பெருக்கினால் 25.4 லட்சம் வரும். சேர்க்கையின்போது சொன்ன கட்டணத்தை நான்கு ஆண்டுகளுக்கும் மாற்றாத கல்லூரியில் இது சரியான விடை. படிக்கும்போதும் கட்டணம் ஏறுமானால், 6.34, 6.85, 7.40, 7.99 லட்சம் என்று ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டும், தொகை 28.6 லட்சமாகும். விடுதிச் செலவு வேறு வேகத்தில் ஏறும் என்பதால், அதற்குத் தனி விழுக்காடு கொண்டு கணக்கிடுவது நல்லது.

விழுக்காட்டில் இரண்டு கூடினாலும் குறைந்தாலும் விடை வெகுவாக மாறுகிறது: முதலாண்டுக் கட்டணம் 6 விழுக்காட்டில் 4.79 லட்சம், 10 விழுக்காட்டில் 8.35 லட்சம். ஆகவே ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்ளாமல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அப்போதைய கட்டணத்தையும் மீதமுள்ள ஆண்டுகளையும் இட்டு மீண்டும் கணக்கிட வேண்டும். 8 விழுக்காடு சரியென்றால், மூன்றாம் ஆண்டின் முடிவில் கட்டணம் ஏறத்தாழ 2.52 லட்சமாக இருக்கும்.