80ஜி ரசீதில் அரசின் பங்கு எவ்வளவு?

மார்ச் கடைசி வாரம் வந்தால் எங்கள் ஆடிட்டர் ஆபீசில் நன்கொடை பற்றிய போன்கள் கூடிவிடும். "சார், அந்த டிரஸ்ட்டுக்கு 80ஜி இருக்காம். நூறு சதவீதம்னு சொல்றாங்க. அப்ப பணம் முழுசா திரும்பி வந்துடுமா?" வராது. 80ஜி என்பது நன்கொடைக்குச் சலுகை தரும் வருமான வரிச் சட்டப் பிரிவு. ரசீதில் எழுதியிருக்கும் சதவீதம், வரி போடும் வருமானத்திலிருந்து எவ்வளவு தொகையைக் கழிக்கலாம் என்பதைத்தான் சொல்கிறது. அப்படிக் கழித்த தொகைக்கு நீங்கள் கட்டியிருக்க வேண்டிய வரி மட்டுமே மிச்சம். சுருக்கமாகச் சொன்னால், நீங்கள் மொய் எழுதும்போது அரசும் பக்கத்தில் நின்று ஒரு சிறு தொகை எழுதுகிறது.

அது எவ்வளவு சிறியது என்பதற்கு ஒரு கணக்கு. சென்னையில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு மென்பொருள் ஊழியர். எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன். ஆண்டுச் சம்பளம் 24 லட்சம். வீட்டு வாடகைப் படி விலக்கு 4 லட்சம், நிலையான கழிவு 50,000, சொந்த ஊரில் கட்டிய வீட்டின் கடன் வட்டி 2 லட்சம் போனால் 17.5 லட்சம். பி.எஃப்., இன்ஷூரன்ஸ், என்.பி.எஸ். எல்லாமாக இன்னொரு 2.5 லட்சம் கழிந்து, நிற்பது 15 லட்சம். 2025 மார்ச்சில், தான் படித்த ஊரில் பள்ளி நடத்தும் ஒரு டிரஸ்ட்டுக்கு 3 லட்சம் கொடுக்க முடிவு செய்தார்.

சாதாரண டிரஸ்ட்டுக்குக் கொடுத்தால் இரண்டு வெட்டு விழும். முதலாவது உச்சவரம்பு: அந்த 15 லட்சத்தில் 10 சதவீதம், அதாவது 1.5 லட்சம் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். இரண்டாவது, அதிலும் பாதி, 75,000 மட்டுமே கழிவு. செஸ்ஸோடு சேர்த்து அவருடைய வரி விகிதம் 31.2 சதவீதம் என்பதால் மிச்சம் 23,400 ரூபாய். மூன்று லட்சம் கொடுத்ததற்கு ரூபாய்க்கு எட்டு காசுகூட இல்லை. வரம்பைத் தாண்டிய 1.5 லட்சத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது.

அதே பணத்தில் பாதியை மார்ச்சிலும் மீதியை ஏப்ரல் முதல் வாரத்திலும் கொடுக்கச் சொன்னோம். இரண்டு நிதியாண்டு, இரண்டு வரம்பு, இரண்டு முறை 23,400. பள்ளிக்கு ஒரு வாரத் தாமதம்தான். இதுவே முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்குப் போயிருந்தால் வரம்பும் இல்லை, பாதி வெட்டும் இல்லை. முழு 3 லட்சமும் கழிந்து 93,600 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

ஏன் இந்த வித்தியாசம்? நிவாரண நிதிக்குப் போகும் பணத்தை அரசே செலவிடுகிறது. டிரஸ்ட்டுக்குப் போகும் பணத்தை எங்கே செலவிடுவது என்று முடிவு செய்வது அறங்காவலர்கள். அங்கே அரசு பாதி நம்பிக்கையோடு நிற்கிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். 10 சதவீத வரம்பும் அப்படியே. அது இல்லாவிட்டால் பெரும் பணக்காரர் ஒருவர் தன் வருமானத்தில் பெரும்பகுதியைத் தன் குடும்ப அறக்கட்டளைக்கே எழுதிவைத்து வரியைக் கரைத்துவிடலாம்.

வரியைக் குறைத்துக் கொடுப்பதற்குப் பதிலாக முழுதாக வசூலித்து அரசே பள்ளிக்கூடம் நடத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது வருமான வரியின் உச்ச விகிதம் 67 சதவீதம் வரை ஏறியது. இவ்வளவு வரி கட்டியபின் செல்வந்தர்கள் கல்லூரிகளுக்கும் அறநிலையங்களுக்கும் கொடுப்பதை நிறுத்திவிடுவார்களே, பிறகு அந்தச் சுமை அரசின் தலையில்தானே விழும் என்ற பயம் வந்தது. அதனால் வருமானத்தில் 15 சதவீதம் வரை நன்கொடையைக் கழித்துக்கொள்ள விட்டார்கள். ஒரு ரூபாய் வரியை விட்டுக்கொடுத்தால் சமூகத்துக்கு ஒரு ரூபாய்க்கு மேல் போய்ச் சேருமா என்பதுதான் அரசு பார்க்கும் கணக்கு. எப்படியும் கொடுத்திருப்பவருக்குச் சலுகை தந்தால் அரசுக்கு அது நஷ்டம். சலுகைக்காகவே கூடுதலாகக் கொடுத்தால் லாபம். அதோடு, அரசு அதிகாரி கண்ணில் படாத ஒரு சிறிய மனநலக் காப்பகத்தை நன்கொடையாளர் கண்டுபிடித்துவிடுவார்.

இதில் எனக்கு உறுத்தும் ஒன்று உண்டு. 30 சதவீத அடுக்கில் இருப்பவர் டிரஸ்ட்டுக்கு 1,000 ரூபாய் கொடுத்தால் அரசு 156 ரூபாய் விட்டுக்கொடுக்கிறது. 20 சதவீத அடுக்கில் உள்ளவர் கொடுத்தால் 104 ரூபாய். வரியே வராதவருக்கு ஒன்றுமில்லை. பிரிட்டனில் வேறு ஏற்பாடு: வரி கட்டும் ஒருவர் 100 பவுண்டு கொடுத்தால், அடிப்படை விகித வரிக்குச் சமமான 25 பவுண்டை அந்த அறநிலையமே அரசிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. உயர் அடுக்கில் இருப்பவர்கள் தங்கள் பங்குக்கு இன்னும் கொஞ்சம் கோரலாம் என்றாலும், அரசின் பணம் முதலில் சேர வேண்டிய இடத்துக்கே போகிறது.

இங்கே இன்னொரு திருப்பமும் வந்துவிட்டது. புதிய வரிமுறையில் 80ஜி கழிவே கிடையாது. 2023-24 நிதியாண்டிலிருந்து அதுதான் இயல்பான தேர்வு. பழையது வேண்டுமென்றால் நீங்களாகக் கேட்டு எடுக்க வேண்டும். மேலே சொன்ன ஊழியருக்கு வாடகைப் படியும் வீட்டுக்கடனும் இருந்ததால்தான் பழைய முறை லாபமாக இருந்தது. அவை இல்லாத பெரும்பாலானோருக்குப் புதிய முறையே நல்லது, 80ஜி ரசீது எத்தனை இருந்தாலும் சரி. ரசீதுக்காகப் பழைய முறைக்கு மாறி அதிக வரி கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். நிலம் விற்றவர்களும் கவனிக்க வேண்டும்: நீண்டகால மூலதன ஆதாயத்தை அந்த 10 சதவீத வரம்புக்குச் சேர்க்க மாட்டார்கள்.

கோயில் பற்றியும் கேட்பார்கள். உண்டியலில் போட்டதற்கு எதுவும் இல்லை. மத்திய அரசு அறிவித்த கோயில்களின் திருப்பணிக்குக் கொடுத்தால் மட்டும், அதே 10 சதவீத வரம்புக்குள், பாதி கழியும். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலும் அரியக்குடி சீனிவாசப் பெருமாள் கோயிலும் 2020இல் அப்படி அறிவிக்கப்பட்டன. வெள்ளத்தின்போது மூட்டை மூட்டையாக அரிசி கொடுத்தவருக்கும் இந்தப் பிரிவில் இடமில்லை, பணத்துக்கு மட்டும்தான். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கழிவு போய்விடும்.

ரொக்கத்தில் இவ்வளவு கறார் ஏன் என்றால் காரணம் இருக்கிறது. செக்கில் ஒரு லட்சம் கொடுங்கள், கமிஷன் போக மீதியை ரொக்கமாகத் திருப்பித் தருகிறோம் என்று அலையும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். 2025 ஜூலையில் வருமானவரித் துறை பல ஊர்களில் நடத்திய சோதனை, இப்படிப் போலிக் கழிவுகளைப் போட்டு ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுத்தவர்கள் மீதுதான். மாட்டினால் தப்பித்த வரியோடு அதன் 200 சதவீதம் வரை அபராதம். கையெழுத்து ஏஜெண்டுடையது என்று சொல்லிக்கொண்டு வரி கட்டுபவர் நழுவ முடியாது.

இதனால்தான் இப்போது வெறும் ரசீது போதாது. டிரஸ்ட் ஒவ்வொரு நன்கொடையாளரின் பெயரையும் பான் எண்ணையும் 10பிடி படிவத்தில் துறைக்குத் தெரிவித்து, மே 31க்குள் 10பிஇ சான்றிதழை உங்களுக்குத் தர வேண்டும். அதிலுள்ள ஏஆர்என் எண்ணை ரிட்டர்னில் போட வேண்டும். நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு பான் எண்ணில் ஓர் எழுத்து மாறிப்போவது. அப்போது உங்கள் கணக்கில் நன்கொடை தெரியாது, கழிவு கேட்டால் நோட்டீஸ் வரும். இதை நீங்கள் சரிசெய்ய முடியாது. டிரஸ்ட்தான் திருத்திய 10பிடி தாக்கல் செய்து புதிய சான்றிதழ் எடுத்துத் தர வேண்டும். ஆகவே ஜூலை கடைசி வாரம் வரை காத்திருக்காமல், ஜூன் தொடக்கத்திலேயே சான்றிதழை வாங்கிப் பெயர், பான், தொகை மூன்றையும் சரிபார்த்துவிட்டு எங்களுக்கு அனுப்புங்கள்.