நாலு கேள்வி கேட்டுவிட்டு "நல்லா வருது" என்று சொல்லாதீர்கள்

நிறுவனத்தின் விடுப்பு விதிகளைப் பற்றி ஊழியர்கள் கேட்டால் பதில் சொல்லும் ஒரு பைப்லைன். ஆவணத்தைத் துண்டு துண்டாக வெட்டி இன்டெக்ஸில் வைத்திருக்கிறோம், கேள்வி வந்ததும் பொருத்தமான ஐந்து துண்டுகளைத் தேடி எடுத்து மொழி மாடலிடம் கொடுக்கிறோம், அது பதில் எழுதுகிறது. மகப்பேறு விடுப்பு எத்தனை வாரம் என்று கேட்டால் 26 என்று கச்சிதமாகச் சொல்லும், டெமோ பார்த்தவர்களுக்கும் திருப்தி. ஆனால் 2017 சட்டத் திருத்தத்தின்படி, ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம்தான். அந்த விதிவிலக்கு அடுத்த பத்தியில் இருந்ததால் வெட்டும்போது வேறு துண்டுக்குப் போய்விட்டது. மூன்றாவது பிரசவத்தைப் பற்றிக் கேட்டாலும் அதே 26, அதே உறுதியான நடை. பதிலை மட்டும் படித்துப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

கையால் எழுதிய 40 கேள்விகளும் அவற்றின் சரியான விடைகளும் இருந்தால் பிடித்துவிடலாம். ஒரு வரி இப்படி இருக்கும்:

```
{"q": "மூணாவது டெலிவரிக்கு எவ்ளோ லீவு?", "ans": "12 வாரம்", "src": "பக்கம் 7"}
```

`src`-இல் துண்டின் எண்ணைப் போடாதீர்கள், வெட்டும் அளவை மாற்றினால் அது செல்லாது. பக்கம் மாறாது.

கேள்விகளை ஆவணத்தைத் திறந்து வைத்துக்கொண்டும் எழுதக் கூடாது. அதிலுள்ள வார்த்தைகளே கேள்விக்குள் வந்துவிடும், தேடல் சுலபமாக ஜெயித்துவிடும். ஹெச்.ஆருக்கு வந்த பழைய மெயில்களிலிருந்து எடுங்கள், அங்கே யாரும் "மகப்பேறு விடுப்பு" என்று எழுதுவதில்லை, "டெலிவரி லீவு" என்றுதான் எழுதுகிறார்கள். அப்புறம், ஆவணத்தில் பதிலே இல்லாத கேள்விகள் ஐந்தாறு கட்டாயம் வேண்டும், அவற்றுக்குச் சரியான விடை "இதில் தகவல் இல்லை".

மதிப்பெண்ணை இரண்டாகப் பிரியுங்கள்: சரியான பக்கத்தில் விடை உள்ள பகுதி அந்த ஐந்து துண்டுகளில் வந்ததா, வந்திருந்தால் பதில் சரியா. மேலே சொன்ன கேள்வியில் விதிவிலக்குள்ள துண்டு தேடலிலேயே வரவில்லை, அதனால் ப்ராம்ப்டை எவ்வளவு திருத்தினாலும் பலன் கிடையாது. துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி வெட்டினால் அந்தக் கேள்வி சரியாகலாம், ஆனால் ஒரே பத்தி இரண்டு துண்டுகளில் வந்து இடத்தை அடைத்துக்கொள்வதால் முன்பு சரியாக இருந்த வேறொரு கேள்வி தவறிப்போகலாம். அப்படி ஆனால் மொத்த மதிப்பெண் மாறவே மாறாது. ஆகவே எந்தெந்தக் கேள்வி சரியிலிருந்து தப்புக்குப் போனது என்று வரி வரியாக ஒப்பிட வேண்டும், 40 பதில்களைக் கண்ணால் படிக்க ஒன்றும் பெரிய நேரம் ஆகாது.

இந்த அளவில் ஒரு கேள்வி என்பது 2.5 சதவீதம். 32 சரியாக இருந்தது 33 ஆனால் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ள முடியாது, எதையும் மாற்றாமல் இரண்டு முறை ஓட்டினாலே ஒன்றிரண்டு மாறலாம். அந்த ஆட்டம் எவ்வளவு என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். பத்துக் கேள்விகளைத் தொடாமல் தனியே வையுங்கள், மீதியைப் பார்த்துப் பார்த்துத் திருத்தும்போது பைப்லைன் அவற்றுக்கென்றே பழகிவிடும்.