பங்கு கொடுத்து நிறுவனம் வாங்கினால் இபிஎஸ் ஏன் ஏறுகிறது?

ஒரு நிறுவனம் இன்னொன்றை ரொக்கம் கொடுக்காமல், புதிதாகப் பங்குகளை வெளியிட்டு, அவற்றைக் கொடுத்தே வாங்கலாம். அப்படி வாங்கும்போது ‘இதனால் எங்கள் இபிஎஸ் கூடும்’ என்று நிர்வாகம் பெருமையாகச் சொல்வது வழக்கம். இபிஎஸ் என்பது லாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. அது கூடுவதற்குத் தொழிலில் எதுவுமே மாறியிருக்க வேண்டியதில்லை.

வாங்குபவர் ‘அ’ என்று வைத்துக்கொள்வோம். லாபம் 1,000, பங்குகள் 100, இபிஎஸ் 10. பங்கு விலை 200. விலையை இபிஎஸால் வகுத்தால் வரும் பிஇ விகிதம் 20. விற்கப்படும் ‘ஆ’வின் லாபம் 500, பங்குகள் 100, பங்கு விலை 50. பிஇ வெறும் 10. சந்தை மதிப்பு 5,000.

‘ஆ’வைச் சந்தை விலைக்கே வாங்க ‘அ’ 25 புதிய பங்குகள் கொடுத்தால் போதும். இப்போது மொத்த லாபம் 1,500, பங்குகள் 125, இபிஎஸ் 12. ஒரே நாளில் 20 சதவீதம் ஏற்றம்! காரணம் எளிது. ‘அ’ கொடுக்கும் ஒவ்வொரு பங்குக்கும் பின்னால் 10 லாபம் இருக்கிறது. பதிலுக்கு வருவதோ 20.

ஆனால் இரண்டின் மதிப்பையும் சேர்த்தால் 25,000தான். 125 பங்குகளால் வகுத்தால் அதே 200. இபிஎஸ் ஏறிய அளவுக்குப் பிஇ இறங்கி, 16.7 ஆகிவிடுகிறது. குறைவான வளர்ச்சி எதிர்பார்க்கப்படும் லாபம் உள்ளே கலந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதையே திருப்பிப் போடுங்கள். ‘ஆ’ தன் பங்கைக் கொடுத்து ‘அ’வை வாங்கினால் 400 புதிய பங்குகள் வேண்டும். இபிஎஸ் 5லிருந்து 3க்கு விழும். படுமோசம் என்று தோன்றும். ஆனால் 25,000ஐ 500 பங்குகளால் வகுத்தால் 50. யாருக்கும் நஷ்டம் இல்லை. இணைந்த நிறுவனமும் இரண்டு கணக்கிலும் ஒன்றேதான்.

உண்மையான ஆபத்து பிரீமியத்தில் இருக்கிறது. சந்தை விலைக்கு மேல் 40 சதவீதம் சேர்த்து 7,000 கொடுத்தால், கொடுத்த விலைக்கான பிஇ 14. இன்னும் 20க்குக் கீழேதான். 35 பங்குகள் போகும், இபிஎஸ் 11.1, அப்போதும் ஏற்றமே. ஆனால் இணைப்பால் செலவு மிச்சமோ கூடுதல் விற்பனையோ வராவிட்டால் ஒரு பங்கின் மதிப்பு 185க்கு இறங்கிவிடும். 10,000 வரை, அதாவது இரட்டிப்பு விலை கொடுத்தாலும் இபிஎஸ் 10க்குக் கீழே போகாது. பங்கின் மதிப்போ சுமார் 167. இந்த இழப்பை இபிஎஸ் காட்டவே காட்டாது.

1960களில் அமெரிக்காவில் பல தொழில்களைச் சேர்த்துக் கட்டிய கூட்டு நிறுவனங்கள் இந்த வழியில்தான் வளர்ச்சி காட்டின. சந்தை பழைய பிஇ 20ஐயே தொடர்ந்து கொடுத்தால் நம் ‘அ’வின் பங்கும் 240க்குப் போகும்; அந்த உயர்ந்த விலையைக் கொண்டு அடுத்த நிறுவனத்தை வாங்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் முன்பைவிடப் பெரியதாக ஒன்றை வாங்கினால்தான் அதே வேகம் நிற்கும். வாங்குவது நின்றதும் இபிஎஸ் ஏறுவதும் நின்றது. அதன்பின் பிஇயும் இறங்கியது.