5,000 பக்க அட்டவணை: தட்டச்சா, ஓசிஆரா?

5,000 பக்கம் அட்டவணைகள் ஸ்கேன் ஆகிக் கிடக்கின்றன, அவற்றைக் கணினியில் எண்களாக ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆள் வைத்துத் தட்டுவதா, படத்திலுள்ள எழுத்தையும் எண்ணையும் தானே படித்தெடுக்கும் ஓசிஆர் மென்பொருளிடம் கொடுப்பதா? "மென்பொருள் 10 விநாடியில் ஒரு பக்கம் படித்துவிடும், ஆள் எதற்கு" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிறுத்தி, படித்ததில் எது தப்பு என்று யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். மதிப்பீடு முழுக்க அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது.

முதலில் தட்டச்சு. பக்கத்துக்கு 40 வரிசை, 6 பத்தி, ஆக 240 கட்டம். ஒவ்வொன்றிலும் சராசரியாக 4 இலக்கம், அடுத்த கட்டத்துக்குப் போக இன்னொரு தட்டல், மொத்தம் 1,200 தட்டல். பழகிய கை எண் விசைகளில் மணிக்கு 8,000 தட்டும் என்று எடுத்துக்கொண்டால் பக்கத்துக்கு 9 நிமிடம். ஆனால் ஒருவர் மட்டும் தட்டியதை நம்ப முடியாது. அதனால் இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டி, வேறுபடும் கட்டங்களை மட்டும் மூன்றாமவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் தீர்ப்பார். இருவரும் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்வது அபூர்வம் (அச்சு மங்கி, 3 எல்லார் கண்ணுக்கும் 8 ஆகத் தெரியும் இடம் வேறு விஷயம்). தட்டுவதற்கு 18, தீர்ப்பதற்கு 1, ஆக 19 நிமிடம். 5,000 பக்கத்துக்கு ஏறக்குறைய 1,580 மணி நேரம். ஒரு நாளில் உருப்படியாக நடப்பது 6 மணி நேர வேலைதான், எனவே 4 பேர் தட்ட, ஒருவர் தீர்க்க, 63 வேலை நாள்.

இப்போது ஓசிஆர். படிப்பதற்கு மொத்தம் 14 மணி நேரம், அதாவது ஒன்றுமே இல்லை. 99% துல்லியம் என்கிறார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு இலக்கத்துக்கு, கட்டத்துக்கு அல்ல. பக்கத்தில் 960 இலக்கம் இருப்பதால் சுமார் 10 தப்பு வரும். அந்தப் பத்தைத் திருத்துவது ஒன்றரை நிமிட வேலை. அவை எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தெரியாததால் 240 கட்டத்தையும் ஒன்றரை விநாடி வீதம் பார்க்க 6 நிமிடம் போகிறது. துல்லியம் 98% ஆக இறங்கினால் 20 தப்பு, 3 நிமிடத் திருத்தம், மொத்தம் 9 நிமிடம்: ஒருவர் அமர்ந்து முழுதாகத் தட்டும் நேரமேதான். அதிலும் பார்த்துப் பார்த்துச் சலித்த கண் சிலதை விட்டுவிடும்.

ஆக, மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் தேடும் நேரம். அட்டவணையின் அடியில் கூட்டுத்தொகை அச்சாகியிருந்தால் கணினியே பத்தியைக் கூட்டிப் பார்த்து, பொருந்தாததை மட்டும் காட்டும். ஆனால் 99%-இல் இது பெரிதாக உதவாது, ஏனென்றால் 160 இலக்கம் உள்ள பத்தி தப்பே இல்லாமல் வருவது ஐந்தில் ஒன்றுதான், மீதி எல்லாம் எப்படியும் கண்ணுக்கு வந்துவிடும். அதுவே 99.9% ஆனால் பக்கத்துக்கு ஒரு தப்பு, ஒரு பத்தியை மட்டும் பார்த்தால் போதும், பக்கத்தைத் திறந்து மூடும் நேரத்தையும் சேர்த்து 2 நிமிடத்தில் முடியும். 5,000 பக்கத்துக்கும் சேர்த்து 170 மணி நேரத்துக்குள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மென்பொருள் ஒரு வெற்றுக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் அதற்குக் கீழுள்ள எண்கள் எல்லாம் ஒரு வரிசை மேலேறிவிடும். எண்கள் மாறவில்லை, இடம்தான் மாறியது, எனவே பத்தியின் கூட்டுத்தொகை சரியாகவே வரும். வரிசைக்கும் மொத்தம் இருந்தால்தான் இது அகப்படும்.

சரி, அப்புறம் தயாரிப்புச் செலவு. ஒவ்வொரு வகை அட்டவணைக்கும் பத்திக் கோடுகளைக் குறித்து, சோதித்து, சரிசெய்ய ஒருவருக்கு 40 மணி நேரம் என்று வையுங்கள். பக்கத்துக்கு 17 நிமிடம் மிச்சமானால் அந்தச் செலவு 140 பக்கத்தில் திரும்பிவிடும்; அந்த ஆளின் சம்பளம் தட்டச்சாளரைவிட மூன்று மடங்கு என்றால் 420-க்கு மேல் ஆகும். 5,000 பக்கமும் மூன்று வகைக்குள் அடங்கினால் ஓசிஆர்தான். வகைக்கு 100 பக்கம் வீதம் 50 வகை என்றால் தட்டச்சுதான், இதில் யோசிக்க எதுவுமில்லை. அவசரம் என்றால் தட்டச்சுக்கு ஆள் கூட்டலாம், தயாரிப்புக்கு ஆள் கூட்டி அதிகம் பயனில்லை.

இங்கே நான் போட்ட வேகமும் நிமிடங்களும் வெறும் அனுமானம். உங்கள் எண்களை, எல்லா வகையிலிருந்தும் குலுக்கி எடுத்த 60 பக்கங்களைக் கடிகாரம் வைத்துச் செய்து பார்த்தே எடுக்க வேண்டும். முதல் 60 பக்கத்தை எடுக்காதீர்கள், ஒரே வகையும் ஒரே தரமுமாக அமைந்துவிடும். அளக்க வேண்டியது மென்பொருளின் துல்லியத்தைவிட, ஒரு பக்கத்தைச் சரிபார்த்து முடிக்க ஆகும் நிமிடம். அந்தச் சோதனையில் 20 தப்புக்கு மேல் வருகிற மங்கலான பக்கங்களை ஓசிஆர் பக்கமே அனுப்பாமல், நேராகத் தட்டச்சுக்குத் தள்ளிவிடுங்கள்.