நடுவருடத்தில் வாங்கிய டெலிவரி வேன்: தேய்மானத்தில் பாதியை எப்படி இழக்கிறார்கள்

வருமான வரிச் சட்டம், தொழிலுக்கு வாங்கிய வண்டிக்குக் குறைந்து செல்லும் மதிப்பு முறையில் தேய்மானம் தருகிறது. வருடத் தொடக்கத்தில் மிச்சமிருக்கும் மதிப்பில் 15 சதவீதம் கழியும், மீதி அடுத்த வருடத்துக்குப் போகும். விதி இவ்வளவுதான். சிறு வியாபாரிகள் ஏமாறுவது தேதியிலும் பில்லிலும்.

வண்டி அந்த நிதியாண்டில் 180 நாட்களுக்குக் குறைவாக ஓடியிருந்தால் முதல் வருடம் பாதி விகிதம், அதாவது 7.5 சதவீதம்தான். சாதாரண வருடத்தில் அக்டோபர் 3 அன்றே வண்டி ஓடத் தொடங்கியிருந்தால்தான் மார்ச் 31 வரை சரியாக 180 நாள் வரும். 4ஆம் தேதி என்றால் 179. ஒரே ஒரு நாளில் பாதி போய்விடும்.

"பில் செப்டம்பரில் போட்டாச்சு, முழுத் தேய்மானம் கிடைக்கும்" என்று ஷோரூமில் சொல்வதை நம்பாதீர்கள். பில் தேதி கணக்கில்லை, தொழிலுக்குப் பயன்படுத்தத் தொடங்கிய தேதிதான் கணக்கு.

ஒரு பேக்கரிக்காரரின் கணக்கைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 24 அன்று பில். வேன் 6,00,000, பாடி கட்ட 60,000, பதிவுக்கும் சாலை வரிக்கும் 40,000, ஆக அடக்க விலை 7,00,000 ரூபாய். வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொண்டதால் அது இதில் சேராது. ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு தாள் குறைகிறது, ஆய்வாளர் லீவு என்று ஃபைல் கிடக்க, முதல் லோடு ஏற்றியது அக்டோபர் 10. மார்ச் 31 வரை 173 நாள்தான். லாபத்திலிருந்து 1,05,000 கழித்திருக்க வேண்டியவர் 52,500தான் கழிக்க முடிந்தது. ஃபைலைக் கிடப்பில் போட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 31 அன்று பதிவு இப்படி வரும்: தேய்மானக் கணக்கு பற்று 52,500, வேன் கணக்கு வரவு 52,500. மீதி 6,47,500. அடுத்த வருடம் இதில் முழு 15 சதவீதம், அதாவது 97,125. பாதி வெட்டு முதல் வருடத்துக்கு மட்டும்தான். இரண்டாம் வருடமும் 7.5 போட்டு வைத்திருக்கும் கணக்குகளைப் பார்த்திருக்கிறேன், வரி கட்டியவர் பாவம் வாய் திறக்கவே இல்லை. ஆறு மாதம் ஓடியதற்கு ஆறு மாதத் தேய்மானம் என்று மாதக் கணக்கில் போடுவதும் வருமான வரிக் கணக்கில் செல்லாது. இங்கே முழுசு அல்லது பாதி, நடுவில் ஒன்றும் கிடையாது.

அடுத்த பொறி 30 சதவீதம். "சரக்கு வண்டிக்கு 30 உண்டு" என்று சொல்லிப் போட்டுவிடுகிறார்கள். வண்டியை வாடகைக்கு விடுவதே தொழிலாக இருந்தால்தான் அது. சொந்தக் கடையின் சரக்கை ஏற்றும் வேனுக்கு 15தான். தப்பாகப் போட்டால் நோட்டீஸ் வரும்போது வட்டியோடு கட்ட வேண்டியவர் நீங்கள்தான், யோசனை சொன்னவர் இல்லை.

பாடி கட்டும் பட்டறையில் ரொக்கம் கேட்பார்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை அடக்க விலையில் சேராது. பேக்கரிக்காரர் 60,000ஐ ரொக்கமாக நீட்டியிருந்தால் 6,40,000க்குத்தான் தேய்மானம், அதுவும் வண்டி இருக்கும் காலம் முழுக்க. வங்கி வழியாகக் கொடுங்கள், பில் வாங்குங்கள்.

ஜிஎஸ்டி விஷயத்திலும் கவனம். உள்ளீட்டு வரி எடுத்த தொகையைத் தேய்மானத்திலும் சேர்த்தால் உள்ளீட்டு வரியே போய்விடும். ஜிஎஸ்டியின் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடைக்காது என்பதால், அவர்கள் வரியையும் அடக்க விலையில் சேர்க்கலாம். இன்சூரன்ஸ் பிரீமியம் அந்த வருடச் செலவு, வண்டி விலையில் சேர்க்காதீர்கள். கடனில் வாங்கினாலும் முன்பணத்துக்கு மட்டுமில்லை, முழு அடக்க விலைக்கும் தேய்மானம் உண்டு.

முழுக் கணக்கு வைக்காமல், வருட விற்பனைத் தொகையில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டுபவர்கள் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க முடியாது. அப்படியும் வண்டியின் மதிப்பு வருடா வருடம் குறைந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். முழுக் கணக்கு வைத்திருப்பவரும் "இந்த வருடம் நஷ்டம், தேய்மானம் வேண்டாம்" என்று விட்டுவைக்க முடியாது. நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கழிந்ததாகத்தான் கணக்கு.

தேதியை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான். ஆர்.சி. நகல், இன்சூரன்ஸ் தொடங்கிய தேதி, வண்டி எண் போட்ட முதல் டெலிவரி சலான், முதல் டீசல் பில் ஆகிய நான்கையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். டீசல் பில் சில மாதத்தில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே நகல் எடுத்துவிடுங்கள். ரிட்டர்ன் போடுவதற்கு முன் அதில் தேய்மானம் போடும் Schedule DPM பக்கத்தைக் காட்டச் சொல்லி, 180 நாளுக்குக் குறைவு, 180 நாளோ அதற்கு மேலோ என்ற இரண்டு வரிகளில் வேன் எதில் இருக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.